பற்றரி, எண்ணெய், ஸ்ப்ரே: திருகோணமலையிலிருந்து பார்சல் போடுகிறவருக்கு

கேள்வி: "திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தே பேஸ்புக்கில் விற்கிறேன். சார்ஜ் பண்ணுகிற சின்ன மின்விசிறி, பவர் பாங்க், வீட்டில் காய்ச்சும் தலை எண்ணெய், உடம்புக்கு அடிக்கிற பொடி ஸ்ப்ரே. ஒரு கூரியர்காரர் எடுக்கிறார், அடுத்தவர் மாட்டேன் என்கிறார். தெரிந்தவர்கள் 'அக்சசரீஸ்' என்று எழுதிப் போடு என்கிறார்கள். நாட்டுக்குள்ளே தானே போகிறது, எதை அனுப்பலாம்?"

கட்டுநாயக்கவில் விமானச் சரக்குப் பிரிவில் ஆபத்தான பொருட்களைச் சோதித்து ஏற்கிற வேலையில் பல வருடம் இருந்தேன். இப்போது ஊரோடு வந்து பார்சல் முகவர் வேலை பார்க்கிறேன். கவுண்டரின் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கவுண்டருக்குக் கவுண்டர் பதில் மாறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே ஒட்டியிருக்கிற தடைப் பட்டியல் பெரும்பாலும் விமானத்துக்காக எழுதப்பட்ட விதிகளிலிருந்து வந்தது. ஐயாட்டா என்ற விமான நிறுவனங்களின் சங்கம் வருடா வருடம் வெளியிடுகிற புத்தகம்தான் அதற்கு மூலம். ஆனால் உங்கள் பார்சல் விமானம் ஏறப்போவதில்லை. பின்னேரம் ஒரு வான் வண்டியில் ஏறி, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக இரவோடிரவாகக் கொழும்புப் பக்கத்துக் களஞ்சியத்துக்குப் போய், அங்கே பிரித்து அடுத்த ஊர் வண்டியில் ஏறுகிறது. மட்டக்களப்புக்குப் போகிற பார்சல்கூடப் பல வேளைகளில் கொழும்பைச் சுற்றித்தான் போகும். ஆக, விமான விதி அப்படியே உங்களைக் கட்டாது. கட்டுவது அந்தந்தக் கம்பனியின் ஏற்பு நிபந்தனை. அது கம்பனிக்குக் கம்பனி வேறு, சில இடங்களில் கிளை முகாமையாளரைப் பொறுத்தும் வேறு. தபால் திணைக்களத்தைப் பொறுத்தவரை, வெடிக்கக்கூடியதும் தீப்பற்றக்கூடியதும் தபாலில் போடக்கூடாது என்பது பழைய சட்டம். அங்கே பேரம் பேச இடமில்லை.

"தரைவழி தானே, பிறகென்ன" என்று முடிவுகட்டி விடாதீர்கள். விமான விதி எழுதியவர்கள் பயந்த விஷயங்களில் பாதி லொறிக்கும் பொருந்தும். மூடிய பெட்டி, உள்ளே நூற்றுக்கணக்கான கடதாசிப் பெட்டிகள், இரவு ஓட்டம், பின்னால் ஆள் இல்லை. புகை வந்தாலும் சாரதி கண்ணாடியில் பார்க்கும்போதுதான் தெரியும். கவுண்டர்காரர் "முடியாது" என்று சொல்லும்போது அவர் மனதில் இரண்டு வேறு பயங்கள் இருக்கின்றன. ஒன்று தீ. மற்றது ஒழுக்கு. உங்கள் நான்கு பொருட்களையும் இந்த இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும். எண்ணெய்க்கு ஒழுக்குப் பயம் மட்டும்தான். மற்ற மூன்றுக்கும் தீப் பயம், அதுவும் ஒரே அளவில் இல்லை.

முதலில் மின்விசிறி. உள்ளே பொருத்திய பற்றரி, விதிகளில் "கருவிக்குள் உள்ள லித்தியம் அயன் பற்றரி", ஆபத்தான பொருட்களுக்கு ஐ.நா. வைத்திருக்கிற இலக்கம் யூஎன் 3481. பவர் பாங்க் பார்வைக்கு ஒரு கருவி போல இருந்தாலும் விதிப்படி அது தனிப் பற்றரி, யூஎன் 3480. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல்தான் "மின்விசிறியை எடுத்தவர் பவர் பாங்கை ஏன் எடுக்கவில்லை" என்று பலர் சண்டை பிடிக்கிறார்கள். தனிப் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 முதல் தடை. சரக்கு விமானத்தில் ஏற்றுவதானாலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. காரணம் எளிது. சார்ஜ் நிறைந்த பற்றரி நசுங்கினால் உள்ளே இருக்கிற சக்தி முழுவதும் வெப்பமாக வெளிவரும். ஒரு செல் சூடாகிப் பக்கத்துச் செல்லையும் பற்றவைக்கும். சார்ஜ் குறைந்திருந்தால் அந்தச் சங்கிலி ஓடுவது கடினம். சட்டம் உங்களைக் கட்டாவிட்டாலும் இந்த அறிவை லொறிக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு விளக்குள்ள பவர் பாங்க் என்றால் ஒரு விளக்கு எரிகிற அளவோடு பெட்டியில் வையுங்கள்.

அளவைக் கணக்கிடுவது இப்படி. பற்றரியில் எழுதியிருக்கிற மில்லி அம்பியர் மணியை ஆயிரத்தால் பிரித்து வோல்ட்டால் பெருக்கினால் வாட் மணி வரும். 1200 மில்லி அம்பியர் மணி, 3.7 வோல்ட் மின்விசிறி என்றால் 4.4 வாட் மணி. 20000 பவர் பாங்க் என்றால் 74 வாட் மணி. பற்றரிக்கு 100 வாட் மணி என்பது உலகமெங்கும் சின்னது, பெரியது என்று பிரிக்கிற கோடு. இங்கேதான் ஒரு வேடிக்கை. மலிவாக வருகிற "50000" பவர் பாங்கின் லேபலை நம்பிக் கணக்குப் போட்டால் 185 வாட் மணி. கோட்டைத் தாண்டிவிட்டது, விதி தெரிந்த எந்தக் கவுண்டரும் எடுக்காது. அதைத் தராசில் வைத்துப் பாருங்கள். 18650 என்று சொல்கிற அந்த உருளைச் செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம் நிறை, நல்ல கம்பனிச் செல்லே சுமார் 3500 மில்லி அம்பியர் மணிதான் தரும். 50000 வேண்டுமென்றால் குறைந்தது பதினான்கு, பதினைந்து செல் வேண்டும். செல் மட்டுமே அறுநூறு கிராமுக்கு மேல். கையில் இருப்பது 250 கிராம் என்றால் லேபல் பொய். லேபலில் பொய் சொல்கிறவன் உள்ளே பாதுகாப்புச் சுற்றை ஒழுங்காகப் போட்டிருப்பான் என்று நான் நம்பமாட்டேன். அந்தச் சாமானை விற்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து, அனுப்புவது பிறகு. புறக்கோட்டையில் மொத்தமாக எடுக்கும்போது யூஎன் 38.3 சோதனைச் சுருக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். உயரம், அதிர்வு, அடி, குறுஞ்சுற்று என்று செய்கிற சோதனைகளின் ஒரு பக்கத் தாள் அது. தருகிற இறக்குமதியாளர் இருக்கிறார். "அது என்ன?" என்று கேட்கிறவரும் இருக்கிறார். இரண்டாமவரிடம் வாங்குவதா என்பது உங்கள் யோசனை.

பொதி கட்டும்போது மின்விசிறிக்கு இரண்டு விஷயம்தான். ஆளி தானாக அமுங்கக்கூடாது. பெட்டிக்குள் ஆளி அமுங்கி, இறக்கை சுழல வழியில்லாமல் மோட்டார் இரவு முழுக்கச் சூடாகி வந்த மின்விசிறிகளைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் உருகிய மணம் பெட்டியைத் திறக்கும்போதே அடிக்கும். ஆளியைச் சுற்றி மட்டைத் துண்டு ஒன்றை வளையமாக வெட்டி ஒட்டினால் போதும். செல்லைக் கழற்றக்கூடிய வகை என்றால், உள்ளே இருக்கும்போதே முனைக்கும் தொடுதகட்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். தனியாகக் கழற்றி அதே பெட்டியில் உருளவிடுவதுதான் மிகக் கெட்ட வழி. இன்னொன்று, ஒவ்வொரு பவர் பாங்கையும் மூடுமுன் கண்ணாடி மேசையில் படுக்கவைத்து விரலால் சுண்டுங்கள். தட்டையான உறைக்குள் பற்றரி வீங்கியிருந்தால் அது ஆடும், அல்லது பம்பரம் போலச் சுற்றும். அப்படிச் சுற்றுவது பார்சலுக்கு உரியதல்ல.

எண்ணெய்க்கு வருவோம். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விதிப்படி ஆபத்தான பொருளே இல்லை. தீப்பற்றும் திரவம் என்று சொல்ல, அதன் ஆவி 60 பாகைக்குள் நெருப்பைப் பிடிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் 200 பாகையைத் தாண்டிச் சூடானால்தான் அந்த நிலைக்கு வரும். ஆகவே "எண்ணெய் தீப்பிடிக்கும்" என்று கவுண்டரில் சொன்னால் அது சரியில்லை. ஆனால் அவர் எடுக்காததற்கு உண்மையான காரணம் வேறு. ஒரு போத்தல் உடைந்தால் அதன் கீழே இருக்கிற பத்துப் பேரின் சேலையும் சான்றிதழும் போச்சு. அதை ஒருதடவை அனுபவித்த கிளை பிறகு எண்ணெய் என்ற சொல்லையே கேட்காது. வாதாடாதீர்கள், ஒழுகாத பொதியைக் கையில் கொடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒழுகாமல் கட்டுவது போத்தலை நிரப்பும்போதே தொடங்குகிறது. கழுத்துவரை நிரப்பக்கூடாது. 200 மில்லி லீற்றர் எண்ணெய் 30 பாகை கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ நாலரை மில்லி லீற்றர் விரியும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நண்பகலில் நிறுத்திவைத்த மூடிய வானுக்குள் அந்தச் சூடு சாதாரணம். உள்ளே இடமில்லாவிட்டால் எண்ணெய் மூடியைத்தான் தள்ளும். ஆகவே பத்து மில்லி லீற்றராவது வெறுமையாக விடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு மூடவும் வேண்டாம். ஆறும்போது போத்தல் உள்ளே இழுபட்டு மூடி சரியாக உட்காராது. அப்புறம் வாய் விளிம்பு. அதில் ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் உள்மூடித் தகடு ஒட்டாது. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். அழுத்தி ஒட்டுகிற நுரைத் தகடு எண்ணெய்க்குச் சரிவராது. கையில் பிடித்துச் சூடாக்குகிற அலுமினியத் தகடு முத்திரைக் கருவி ஒன்றை நாலைந்து சிறு விற்பனையாளர் சேர்ந்து வாங்கலாம். பிளாஸ்டிக் மூடி ஒரு இரவில் கொஞ்சம் தளரும். இன்று முறுக்கியதை நாளை காலையில் இன்னொருமுறை முறுக்கிவிட்டுப் பொதி செய்யுங்கள். தட்டித் திறக்கிற மூடி வேண்டவே வேண்டாம், மேலே பாரம் ஏறினால் அதுவே திறக்கும்.

பிறகு போத்தலைப் பழந்துணியிலோ பத்திரிகைக் கடதாசியிலோ சுற்றிச் சிப் பையில் போட்டு, காற்றை எடுத்து மூடி, இன்னொரு பையில் போடுங்கள். துணி இருப்பது குஷனுக்காக மட்டும் இல்லை. ஒழுகினால் குடிக்க வேண்டியது அதுதான். 200 மில்லி லீற்றரையும் குடிக்கிற அளவு துணி இருக்க வேண்டும். கட்டி முடித்ததைத் தலைகீழாக வெயிலில் ஒரு பகல் வைத்துப் பாருங்கள். பையின் உள்பக்கம் மினுமினுத்தால் அந்த மூடி வகையை மாற்றுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: எண்ணெயில் யூக்கலிப்டஸ் தைலமோ டேர்பன்டைனோ கணிசமாகக் கலப்பீர்கள் என்றால் நான் மேலே சொன்ன 200 பாகைக் கணக்கு செல்லாது. அவை தாழ்ந்த சூட்டிலேயே பற்றக்கூடியவை.

பொடி ஸ்ப்ரேயில் மட்டும் என் பதில் சுருக்கம்: அனுப்பாதீர்கள். அந்தக் கானுக்குள் வாசனையைத் தள்ளுவது பெரும்பாலும் சமையல் காஸ் வகையைச் சேர்ந்த வாயு, கூடவே அல்கஹோல். கானிலேயே "50 பாகைக்கு மேல் படவிடாதே" என்று எழுதியிருக்கும். அந்த நண்பகல் வான் அந்தக் கோட்டை எளிதாகத் தொடும். அதைவிடச் சாதாரணமாக நடப்பது, மேல்மூடி கழன்று பொத்தான் அமுங்கி, வாயு மெதுவாகப் பெட்டிக்குள் நிரம்புவது. மணம் வீசுகிற பார்சல் என்று சிரித்துக்கொண்டு எடுப்பார்கள், அதற்குள் இருப்பது எரிவாயு. ஐரோப்பாவில் தரைவழியில் சிறிய அளவுகளில், கறுப்பும் வெள்ளையுமான வைரக்குறி ஒட்டி ஸ்ப்ரேயை அனுப்ப வழி இருக்கிறது. அதை இணையத்தில் பார்த்துவிட்டு இங்கே குறியை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். நம் கவுண்டரில் அதை உரிமைச் சீட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ண வேண்டாம். அல்கஹோல் சேர்ந்த வாசனைத் திரவியத்துக்கும் இதே கதிதான்: 70 சதவீத எதனோல் சுமார் 17 பாகையிலேயே ஆவி பற்றக்கூடியது, நம் ஊரில் இரவிலும் அதைவிடச் சூடு. அல்கஹோல் இல்லாத எண்ணெய் அத்தரும், தண்ணீர் முதலாவதாக எழுதப்பட்ட உருட்டும் டியோடரன்டும் வேறு. கானிலோ போத்தலிலோ சிவப்பு வைரத்துக்குள் தீச்சுவாலை படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை நகரத்துக்குள் கையில் கொடுத்து விற்கிற சாமானாக வைத்துக்கொள்ளுங்கள்.

"அக்சசரீஸ்" யோசனை. இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பார்சல் போனால் சரி என்று நினைக்கிறார்கள். ஆனால் பார்சலுக்கு எழுதுகிற சீட்டான வே பில்லின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். தடைசெய்த சாமானோ தவறாகச் சொன்ன சாமானோ என்றால் தொலைந்தாலும் உடைந்தாலும் கம்பனி பொறுப்பில்லை, மற்றவருக்கு வந்த நட்டம் அனுப்பியவர் தலையில் என்ற பொருளில்தான் பெரும்பாலும் இருக்கும். எண்ணெய் ஒழுகிப் பக்கத்துப் பார்சல் கெட்டால் உங்கள் வே பில் இலக்கம்தான் முதலில் வெளியே வரும். அதோடு, களஞ்சியத்தில் ஒருவர் பெட்டியைத் தூக்கும்போது உள்ளே பற்றரி என்று தெரிந்தால் அவர் வைக்கும் விதமே வேறு. "சார்ஜ் மின்விசிறி 1, பற்றரி உள்ளே", "தலை எண்ணெய் 200 மில்லி, இரட்டைப் பை" என்று எழுதுங்கள். மறுத்தால் மறுக்கட்டும், அடுத்த கவுண்டர் இருக்கிறது.

ஒரு ஓடரை எடுத்துப் பார்ப்போம். நுவரெலியாவிலிருந்து ஒருவர் மின்விசிறி ஒன்று, எண்ணெய் இரண்டு போத்தல், ஸ்ப்ரே ஒன்று, சிஓடியில், அதாவது சாமான் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கிற முறையில் கேட்கிறார். (நுவரெலியாவில் மின்விசிறி எதற்கு என்று நானும் யோசித்தேன், விடுங்கள்.) முதலில் ஸ்ப்ரேயைக் கழித்துவிட்டு, பதிலுக்கு உருட்டும் வகையைச் சொல்லுங்கள், பணம் எடுக்குமுன் சொல்ல வேண்டும். மின்விசிறியும் எண்ணெயும் ஒரே பெட்டியில் போகலாமா? பணம் மிச்சம்தான். ஆனால் ஒரு போத்தல் ஒழுகினால் மின்விசிறியும் போய், சிஓடியில் முழு ஓடரும் திரும்பி வரும், போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் கூலி உங்களுடையது. நான் என்றால் எண்ணெயை ஒரு சின்னப் பெட்டியில் அடைத்து, அதை மின்விசிறி இருக்கிற பெரிய பெட்டியின் அடியில் மட்டைத் தடுப்போடு வைப்பேன். பெட்டியில் மேல் நோக்கி அம்பு போடலாம், ஆனால் யாரும் பார்ப்பார்கள் என்று நம்பிக் கட்டக்கூடாது. இன்னொரு விஷயம்: தேங்காய் எண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் அது வெள்ளைக் கட்டியாகத்தான் போய்ச் சேரும், "மெழுகு கலந்திருக்கிறது" என்று வீடியோ எடுத்துப் போடுவார்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் உருகும் என்று ஒரு துண்டு எழுதி உள்ளே வையுங்கள்.

திரும்பி வருகிற பார்சலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பற்றரி விற்கிறவருக்குப் பெரிய ஆபத்து அங்கேதான். நீங்கள் அனுப்பியது புதுப் பற்றரி. திரும்பி வருவது வீங்கியதாகவோ, கீழே விழுந்ததாகவோ, தண்ணீர் பட்டதாகவோ இருக்கலாம். பழுதான லித்தியம் பற்றரியை விமானத்தில் ஏற்றவே முடியாது. லொறியிலும் நான் ஏற்றச் சொல்லமாட்டேன். வாடிக்கையாளர் "வீங்கிவிட்டது, திருப்பி அனுப்புகிறேன்" என்றால் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். படமும் தொடர் இலக்கமும் வாங்கிக்கொண்டு, புதியதையோ பணத்தையோ கொடுங்கள். பழையதைச் சார்ஜ் போடாமல், எரிகிற சாமான்களுக்கு அருகே வைக்காமல், மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். இந்தச் செலவை விலையிலேயே கொஞ்சம் சேர்த்து வைப்பதுதான் புத்தி.

பஸ் நடத்துநரிடம் கொடுத்து அனுப்புவதையும் சிலர் சொல்வார்கள். எண்ணெய்க்கு அது மோசமில்லை, யார் கையில் எப்போது கிடைக்கும் என்பது உறுதியாகத் தெரியும். ஆனால் வே பில் இல்லை, தொலைந்தால் கேட்க ஆள் இல்லை. பவர் பாங்கையும் ஸ்ப்ரேயையும் ஐம்பது பேர் இருக்கிற பஸ்ஸின் இருக்கைக்கு அடியில் தள்ளுவதை நான் எந்தக் காரணத்துக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக, கவுண்டரில் எப்படிக் கேட்பது. "பற்றரி எடுப்பீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும், அப்படிச் சொல்வது அவருக்குப் பாதுகாப்பு. "கருவிக்குள் பூட்டிய பற்றரி, 5 வாட் மணிக்குள், எடுப்பீர்களா? தனிப் பவர் பாங்க், 74 வாட் மணி, எடுப்பீர்களா? ஒழுகாமல் இரட்டைப் பையில் கட்டிய தேங்காய் எண்ணெய்?" என்று மூன்றாகப் பிரித்து, கிளை முகாமையாளருக்கு வட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் ஆள் மாறும்போது அந்தப் பதிலைக் காட்டலாம்.